கார் கடன்: 3 வருஷமா, 5 வருஷமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வேலை செய்பவர்களும், தோட்டத்தை விட்டு டவுன் தாமானுக்குக் குடிவந்தவர்களும் கார் எடுக்கும்போது என்னிடம் கேட்பவை இவை. தோட்ட அலுவலகத்தில் சம்பளக் கணக்கு எழுதுகிறவன் என்பதால் கார் கடை கொடுத்த தாளை நேராக என் மேசைக்குக் கொண்டு வருவார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். கணக்கெல்லாம் ஒரே உதாரணத்தை ஒட்டியது: பழைய கார் ஒன்றுக்கு 30,000 ரிங்கிட் கடன், வருஷத்துக்கு 4% பிளாட் வட்டி. உங்கள் வங்கி சொல்லும் விகிதம் வேறாக இருந்தால் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள், வழி இதுதான்.

"அண்ணே, 3 வருஷம்னா மாசம் எவ்ளோ, 5 வருஷம்னா எவ்ளோ? சட்டுனு சொல்லுங்க."

3 வருஷத்துக்கு மொத்த வட்டி 3,600 ரிங்கிட். கடனோடு சேர்த்தால் 33,600. அதை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 933 ரிங்கிட் 33 சென். 5 வருஷத்துக்கு வட்டி 6,000. மொத்தம் 36,000, 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் சரியாக 600.

அதாவது 5 வருஷம் எடுத்தால் மாதம் 333 ரிங்கிட் கையில் நிற்கும், கடைசிக் கணக்கில் 2,400 ரிங்கிட் வட்டி கூடப் போகும். இந்த இரண்டு எண்களில் ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் பிறகு சிரமப்படுகிறார்கள். கார் விற்பவர் 600ஐ மட்டும் காட்டுவார். வீட்டில் பெரியவர்கள் 2,400ஐ மட்டும் சொல்வார்கள்.

"4 பெர்சன்ட்தானே சொன்னாங்க. 30,000க்கு 4 பெர்சன்ட்னா 1,200. அப்புறம் 6,000 எங்கேருந்து வந்துச்சு?"

1,200 என்பது ஒரு வருஷத்து வட்டி. பிளாட் முறையில் அதைக் கடன் வருஷத்தால் பெருக்குவார்கள்: 3 வருஷம் என்றால் 3,600, 5 வருஷம் என்றால் 6,000. முதல் நாளிலேயே மொத்த வட்டியும் கணக்கிடப்பட்டு, கடனோடு சேர்த்து, சம தவணையாக வெட்டப்படுகிறது.

நீங்கள் மாதாமாதம் அசலையும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள். ஆனாலும் கடைசி வருஷத்தில்கூட வட்டி முழு 30,000க்கும் போட்டபடியே நிற்கிறது. அதனால் பாக்கி எவ்வளவு இருக்கிறதோ அதற்கு மட்டும் வட்டி போடும் வீட்டுக் கடனின் 4 சதவீதத்தையும் கார் கடனின் 4 சதவீதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. இந்தக் கார் கடனின் உண்மை விகிதம் வருஷத்துக்கு ஏறக்குறைய 7.5%.

"அப்போ 5 வருஷ லோன்ல வட்டி ரேட்டே அதிகம்னு சொல்றீங்களா?"

இல்லை. பலரும் இங்கேதான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மேலே சொன்ன உண்மை விகிதம் 3 வருஷத்துக்கு ஏறக்குறைய 7.5%, 5 வருஷத்துக்கு ஏறக்குறைய 7.4%. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 5 வருஷக் கடன்காரர் அதிக விலைக்குப் பணம் வாங்கவில்லை. அதே விலைக்கு வாங்கிய பணத்தை அதிக நாள் வைத்திருக்கிறார், அதற்குத்தான் அந்த 2,400.

ஆகவே நீங்கள் உங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: மாதம் 333 ரிங்கிட்டை 3 வருஷத்துக்குக் கையில் வைத்திருப்பது, 2,400 கொடுத்து வாங்கும் அளவுக்கு என் வீட்டுக்குத் தேவையா? சிலருக்குத் தேவை, சிலருக்குச் சுத்தமாகத் தேவையில்லை. ஒன்றை மட்டும் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் தவணைக் காலத்தைப் பொறுத்து பிளாட் விகிதமே கொஞ்சம் மாறும். அப்படி மாறினால் இரண்டு காலத்துக்கும் தனித்தனியாக மொத்த வட்டியைக் கேளுங்கள்.

"933 என்னால கட்ட முடியுமா முடியாதானு எப்படி தெரிஞ்சிக்கிறது? சம்பளம் ஒரு மாசம் மாதிரி ஒரு மாசம் இல்லியே."

தோட்டத்துச் சம்பளம் அப்படித்தான். செம்பனையில் குலை அதிகமாக விழும் மாதங்களும் காய்ப்பு குறையும் மாதங்களும் உண்டு. பால்மரத்தில் இலை உதிரும் காலத்தில் பால் குறையும், மழை பெய்தால் வெட்டே கிடையாது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட் என்று இருந்தாலும், அதற்கு மேலே வரும் பகுதிதான் ஏறி இறங்குகிறது. மில்லிலும் ஃபேக்டரியிலும் ஓவர்டைம் அப்படியே. அதனால் சராசரியைப் பார்க்காதீர்கள். கடந்த 12 மாதச் சம்பளச் சீட்டுகளைத் தரையில் பரப்பி, கைக்கு மிகக் குறைவாக வந்த 2 மாதத்தை எடுங்கள். அந்த மாதம் தவணையைத் தாங்க வேண்டும்.

ஒரு குடும்பத்துக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கணவர் குலை வெட்டுகிறார், மனைவிக்கு ஈப்போ பக்கம் ஃபேக்டரி வேலை. ஈ.பி.எஃப்., சொக்சோ பிடித்தம் போக நல்ல மாதத்தில் இருவருக்கும் சேர்த்து 4,100, மோசமான மாதத்தில் 3,400. வீட்டுத் தவணை 450, மளிகையும் சந்தையும் 900, பிள்ளைகளின் பள்ளி, பஸ் செலவு 350, கரண்டு, தண்ணீர், போன் 250, எண்ணெய் 250, பெற்றோருக்கு 200, சீட்டு 200. மொத்தம் 2,600. இதோடு காருக்கு வருஷம் ஒருமுறை வரும் இன்சூரன்ஸ், ரோட் டேக்ஸ் பணத்தை 1,200 என்று வைத்து மாதத்துக்குப் பிரித்தால் 100. ஆக 2,700.

நல்ல மாதத்தில் 1,400 மிஞ்சும், 933 தாராளமாகப் போகும். மோசமான மாதத்தில் 700தான் மிஞ்சும், 933க்கு 233 துண்டு விழும். 600 என்றால் 100 மிச்சம். இந்தக் குடும்பத்துக்கு 30,000 கடனை 3 வருஷத்தில் எடுக்கச் சொல்ல மாட்டேன். கார் எடுத்தபின் அந்த 233ஐ எங்கிருந்து புரட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும்: சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுப்பது, நகையை அடகு வைப்பது, அதுவும் முடிந்தால் வட்டிக்காரர். அடகு வட்டியும் வட்டிக்காரர் வட்டியும் மிச்சம் பிடித்த 2,400ஐத் தின்றுவிடும்.

"பேங்க் 3 வருஷத்துக்கே அப்ரூவ் பண்ணிட்டாங்க. அவங்களே சரின்னு சொன்னப்புறம் என்ன பயம்?"

வங்கி பார்ப்பது சம்பளச் சீட்டு, ஈ.பி.எஃப். அறிக்கை, பேங்க் நெகாராவின் கடன் பதிவேடான சிசிஆர்ஐஎஸ்ஸில் தெரியும் மற்ற கடன்கள். பெற்றோருக்கு அனுப்பும் 200ஓ, சீட்டுப் பணமோ, உறவுக்காரரிடம் வாங்கிய கைமாத்தோ அதில் தெரியாது. நீங்கள் கொடுத்த சம்பளச் சீட்டுகள் நல்ல மாதத்துடையவையாக இருந்தால் அவர்கள் கணக்கும் நல்ல மாதத்துக் கணக்குதான். வங்கியின் சம்மதம் அவர்கள் பணம் திரும்பி வரும் என்பதற்கு. உங்கள் வீட்டு அரிசிப் பானையைப் பார்த்துச் சொன்னது இல்லை.

"சரி, 5 வருஷம் எடுத்துட்டு 3 வருஷத்துல மொத்தமா முடிச்சிடறேன். அப்போ 3 வருஷ லோன் மாதிரிதானே ஆகும்?"

ஆகாது. இந்தக் கேள்வியைத்தான் என்னிடம் அதிகம் கேட்டிருக்கிறார்கள், பதிலைக் கேட்டு முகம் மாறியவர்களும் அதிகம். 60 தவணையில் 36 கட்டியாகிவிட்டது என்று வைப்போம். பாக்கி 24 தவணை, 14,400 ரிங்கிட். முன்கூட்டி முடிப்பதால் வட்டியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் சொல்கிறது. அந்தத் தள்ளுபடியைக் கணக்கிடும் முறைக்கு 78 விதி என்று பெயர். 12 மாதக் கடனில் 1 முதல் 12 வரை கூட்டினால் 78 வரும், பெயர் அதிலிருந்து வந்தது.

60 மாதக் கடனுக்கு 1 முதல் 60 வரை கூட்டினால் 1,830. மிச்சமிருக்கும் 24 மாதத்துக்கு 1 முதல் 24 வரை கூட்டினால் 300. மொத்த வட்டி 6,000ஐ 300ஆல் பெருக்கி 1,830ஆல் வகுத்தால் 983 ரிங்கிட் 61 சென். இதுதான் தள்ளுபடி. நீங்கள் கட்ட வேண்டியது 13,416 ரிங்கிட் 39 சென்.

இப்போது பாருங்கள். 3 வருஷக் கடனாக எடுத்திருந்தால் மாதம் கூடுதலாகக் கட்டியிருக்கும் 333 ரிங்கிட், 36 மாதத்தில் 12,000. அதை ஒரு சென்கூடத் தொடாமல் சேர்த்து வைத்திருந்தாலும் 13,416க்கு 1,416 குறைகிறது. 5 வருஷம் எடுத்து 3 வருஷத்தில் முடித்தவர் கட்டிய வட்டி 5,016. நேராக 3 வருஷம் எடுத்தவர் கட்டியது 3,600.

"அப்போ அந்த 78 விதிதான் ஏமாத்து வேலை. அது இல்லேன்னா சரியா வந்திருக்கும், இல்லியா?"

கோபம் புரிகிறது, ஆனால் இந்தக் கணக்கில் விதியின் பங்கு சிறியது. பாக்கிக்கு மட்டும் வட்டி போடும் முறையில், அதே 600 தவணையில், 36 மாதம் கழித்துப் பாக்கி ஏறக்குறைய 13,344 ரிங்கிட் வரும். 78 விதிப்படி 13,416. வித்தியாசம் 72 ரிங்கிட்தான். 2 வருஷத்தில் முடித்தால் வித்தியாசம் 100 ரிங்கிட்டை ஒட்டி வரும்.

அப்படியானால் 1,416 எங்கே போனது? மாதம் 600 மட்டும் கட்டியவர் அந்த 3 வருஷமும் அதிக அசலை வங்கிக்குப் பாக்கி வைத்திருந்தார். அந்தப் பாக்கிக்கான வட்டிதான் அது. விதி எதுவாக இருந்தாலும் அது வரத்தான் செய்யும். 7, 9 வருஷக் கடன்களில் 78 விதியின் கடி நன்றாகவே தெரியும், 5 வருஷத்தில் அவ்வளவு இல்லை.

பிளாட் வட்டியையும் 78 விதியையும் கைவிடுவதாக அரசாங்கம் அறிவித்திருக்கிறது. அதனால் உங்கள் ஒப்பந்தம் பிளாட் முறையா, குறையும் பாக்கி முறையா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். அடுத்த கேள்விக்கான பதில் அதைப் பொறுத்து மாறும்.

"தீபாவளி போனஸ் வரும்போது கூட 2,000 கட்டிட்டா வட்டி குறைஞ்சிடுமா?"

பிளாட் வட்டி ஒப்பந்தத்தில் குறையாது. மொத்த வட்டி முதல் நாளிலேயே கட்டிவைக்கப்பட்டுவிட்டது. நீங்கள் கூடக் கொடுத்த 2,000 அடுத்த 3 தவணைக்கான முன்பணமாக எழுதப்படும், மிச்சம் 200 நான்காவதில் கழியும். அடுத்த சில மாதம் கட்டத் தேவையில்லாமல் போகும், அவ்வளவுதான். வட்டியில் தள்ளுபடி கடனை முழுவதும் முடிக்கும்போது மட்டுமே.

ஆகவே பிளாட் கடனில் போனஸ் பணத்தை வங்கியிடம் துண்டு துண்டாகக் கொடுப்பதைவிட, தனிக் கணக்கில் சேர்த்து, முழுப் பாக்கிக்கும் சமமானதும் ஒரே தடவையில் முடிப்பது மேல். சேர்க்கும் காலத்தில் அது அவசரத்துக்கும் உதவும். குறையும் பாக்கி முறை ஒப்பந்தம் என்றால் கூடக் கட்டும் பணம் அசலைக் குறைக்குமா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். குறைக்கும் என்றால் 5 வருஷம் எடுத்து நல்ல மாதங்களில் கூடக் கட்டுவது ஏறி இறங்கும் சம்பளத்துக்கு மிகவும் பொருந்தும்.

"மாசம் மிஞ்சற 333ஐ ஃபிக்ஸட் டெபாசிட்ல போட்டா அந்த 2,400 திரும்ப வந்துடாதா?"

வராது. வருஷம் 3% கிடைத்தாலும், மாதம் 333 வீதம் 3 வருஷம் சேர்த்தால் 12,540 ரிங்கிட் அளவில் நிற்கும். வட்டியாக வந்தது 540. நீங்கள் 7.4%க்கு வாங்கிய பணத்தை 3%க்கு வைத்திருக்கிறீர்கள், நஷ்டம் அங்கேயே இருக்கிறது.

அந்தச் சேமிப்பின் பயன் வேறு இடத்தில். கணவருக்கு முதுகு பிடித்து 2 மாதம் தோப்புக்குப் போக முடியாமல் போனால், ஒரு வருஷம் அந்த 333ஐச் சேர்த்ததில் கையில் இருக்கும் 4,000 ரிங்கிட் கார் தவணையைத் தாங்கும். 3 வருஷக் கடன்காரர் அந்த 4,000ஐ ஏற்கெனவே வங்கிக்குக் கொடுத்துவிட்டார், திரும்பக் கேட்க முடியாது. உங்களிடம் 3 மாதச் செலவுக்கான பணம் முன்பே இருந்தால் இந்தப் பாதுகாப்பை 2,400 கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இல்லை என்றால், அந்த 333ஐ உண்மையிலேயே சேர்த்து வைப்பீர்களா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். போன் தவணையிலும் ஆன்லைன் ஷாப்பிங்கிலும் கரையப் போகிறது என்றால் 2,400 சும்மா போகிறது.

"3ம் கஷ்டம், 5ம் நஷ்டம்ங்கறீங்க. 4 வருஷம் போட்டா?"

30,000க்கு 4 வருஷம் என்றால் வட்டி 4,800, தவணை 725. மேலே பார்த்த குடும்பத்தின் மோசமான மாதத்தில் மிஞ்சுவது 700. மயிரிழையில் தட்டுகிறது.

இந்த இடத்தில் நான் வருஷத்தை விட்டுவிட்டுக் கடன் தொகையைத் தொடச் சொல்வேன். 25,000 மட்டும் கடன் வாங்கினால், 4 வருஷத்துக்கு வட்டி 4,000, தவணை 604. 30,000க்கு 5 வருஷம் எடுத்த தவணையே வருகிறது, கடன் ஒரு வருஷம் முன்னால் முடிகிறது, வட்டி 2,000 குறைகிறது. அந்த 5,000க்கு வழி இரண்டு: சீட்டு எடுக்கும் வரை காத்திருந்து முன்பணத்தைக் கூட்டுவது, அல்லது 2 வருஷம் பழைய மாடலைப் பார்ப்பது. சட்டப்படி முன்பணம் குறைந்தது 10%. அதற்கு மேல் நீங்கள் போடும் ஒவ்வொரு 1,000 ரிங்கிட்டும் 5 வருஷக் கடனில் 200 வட்டியை மிச்சப்படுத்தும். "முன்பணமே வேண்டாம், கையெழுத்து மட்டும் போடுங்க" என்று கடைக்காரர் சொன்னால், விலையை உயர்த்தி எழுதி 10% கட்டியதுபோலக் காட்டப் போகிறார் என்று அர்த்தம். அந்தக் கூட்டிய விலைக்கும் வட்டி நீங்கள்தான் கட்டுவீர்கள்.

"எடுக்கப்போறது 8 வருஷ பழைய மைவி. அதுக்கு 5 வருஷம் போடலாமா?"

கடன் முடியும்போது காருக்கு 13 வயது. நான்காவது, ஐந்தாவது வருஷத்தில் அப்சார்பர், ஏர்கோன், கியர்பாக்ஸ் என்று ஒவ்வொன்றாக ஒர்க்‌ஷாப்புக்கு இழுக்கும். அந்த மாதங்களில் தவணையும் நிற்காது. பழைய காருக்கு நீளக் கடன் எடுப்பவர்களை மாட்டிவைப்பது பெரும்பாலும் இந்தச் செலவுதான். வங்கிகளும் காரின் வயதையும் கடன் வருஷத்தையும் கூட்டிப் பார்த்து ஓர் எல்லை வைத்திருக்கும், அதைத் தாண்டினால் அவர்களே காலத்தைக் குறைப்பார்கள்.

இப்படிப்பட்ட காருக்குக் கடனைக் குறைத்து 3 வருஷத்தில் முடிப்பதுதான் என் யோசனை. 20,000 கடன், இதே 4%க்கு 3 வருஷம் என்றால் தவணை 622. பழைய காருக்கு விகிதம் கொஞ்சம் கூடலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"மோட்டாருக்கும் இதே கணக்கா?"

வழி அதேதான், விடை வேறு. மோட்டாருக்குக் கடன் சிறியது, விகிதம் பெரியது. 6,000 ரிங்கிட், 8% பிளாட் என்று வைத்தால் 3 வருஷத்துக்கு மாதம் 207, 5 வருஷத்துக்கு 140. மாதம் 67 ரிங்கிட்டுக்காக 960 கூட வட்டி. பெரும்பாலான வீடுகளில் அந்த 67ஐச் சமாளிக்க முடியும், 3 வருஷமே எடுங்கள். நிலையான பிளாட் வட்டிக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்சம் வருஷத்துக்கு 10%.

"3 வருஷம் எடுத்து ரெண்டு மாசம் கட்டலேன்னா காடியை இழுத்துட்டுப் போயிடுவாங்களா?"

தொடர்ந்து 2 தவணை விட்டால் வங்கி நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் முதலில் எழுத்து அறிவிப்பு கொடுத்து 21 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள் பாக்கியைக் கட்டிவிட்டால் இழுக்க முடியாது. காரின் ரொக்க விலையில் 75%க்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தொடக் கூடாது. 3 வருஷக் கடன்காரர் அந்த 75%ஐ முன்னதாகவே எட்டிவிடுவார், அது அந்தப் பக்கத்து நியாயமான ஒரு சாதகம். தாமதக் கட்டணம் விட்ட தவணைக்கு மட்டும், வருஷத்துக்கு 8%க்கு மேல் போகக் கூடாது.

கார் போகாவிட்டாலும் தவறிய தவணை சிசிஆர்ஐஎஸ்ஸில் 12 மாதம் தெரியும். மகனுக்கு மோட்டார் கடனோ, வீட்டுக் கடனோ கேட்கும்போது அது எதிரே வந்து நிற்கும்.

"எடுத்தது 3 வருஷம், இப்போ முடியல. 5ஆ மாத்த முடியுமா? இல்லேன்னா தெரிஞ்சவன் ஒருத்தன் 'சம்போங் பாயார்' பண்றேங்கறான்."

மாற்றிக் கேட்கலாம், ஆனால் தருவது வங்கியின் விருப்பம். தவணை தவறுவதற்கு முன்னால் போய்க் கேட்டால்தான் பேச்சுக்கு மதிப்பு. கூடும் மாதங்களுக்குப் புதிதாக வட்டி வரும், ஆகவே முதலிலேயே 5 எடுத்திருந்ததைவிட மலிவாக முடியாது. வங்கியிடம் பேசத் தயக்கமாக இருந்தால் ஏகேபிகேக்குப் போங்கள். பேங்க் நெகாரா அமைத்தது, ஆலோசனைக்குக் காசு கிடையாது, கார் கடனையும் சேர்த்துத் தவணைத் திட்டம் போட்டுத் தருவார்கள்.

காரை இன்னொருவரிடம் கொடுத்து, மிச்சத் தவணையை அவரைக் கட்டவிடும் சம்போங் பாயார் மட்டும் வேண்டாம். கடன் முடியும் வரை சட்டப்படி காரின் உரிமை வங்கியிடம் இருக்கிறது. வங்கிக்குத் தெரியாமல் அதை இன்னொருவருக்குக் கைமாற்றுவது குற்றம். அவர் 4 மாதம் கட்டிவிட்டுக் காணாமல் போனால் பாக்கியும் சம்மனும் உங்கள் பெயரில்தான் வரும். முறையான வழி, வங்கியிடம் முடிப்புத் தொகையைக் கேட்டு, காரை விற்று, அந்தப் பணத்தால் கடனை அடைப்பது. அப்போது 5 வருஷக் கடனில் பாக்கி அதிகமாக இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்: 2 வருஷம் கட்டியபின் 5 வருஷக் கடனில் முடிப்புத் தொகை 19,416, 3 வருஷக் கடனில் 10,778.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எந்தத் தாளைப் பார்க்கணும்?"

வாடகைக் கொள்முதல் சட்டப்படி ஒப்பந்தத்துக்கு முன்னால் உங்களுக்கு ஓர் எழுத்து விவரம் தர வேண்டும், அதை இரண்டாவது அட்டவணை என்பார்கள். ரொக்க விலை, முன்பணம், மொத்த வட்டி, உண்மை விகிதம், தவணைத் தொகை, எத்தனை தவணை எல்லாம் அதில் இருக்கும். கடைக்காரர் வாயால் சொன்ன காலமும் அதில் உள்ள காலமும் ஒன்றா என்று பாருங்கள். 5 என்று பேசிவிட்டு, தவணை குறையட்டும் என்று 7 எழுதிவைத்த தாள்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. தவணைத் தொகையைத் தவணை எண்ணிக்கையால் பெருக்கி, கடன் தொகையைக் கழித்தால் மொத்த வட்டி வர வேண்டும். வராவிட்டால் அதில் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது, பெரும்பாலும் கேட்காத இன்சூரன்ஸ் அல்லது உத்தரவாதத் திட்டம்.

இடம் காலியாக விட்ட படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "பிறகு நிரப்பிக்கறோம்" என்று சொல்வது சட்டத்துக்குப் புறம்பானது. தாளை வீட்டுக்கு எடுத்துப் போய், அந்த மோசமான மாதத்துச் சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வைத்து, மனைவியோடு உட்கார்ந்து பாருங்கள். கார் ஒரு நாளில் ஓடிப்போகாது. போனால் அதே விலையில் இன்னொன்று ஈப்போவில் நிற்கும்.